ஒரு மாதம் பழகிய பச்சை டிக்

2024 மார்ச் 6, புதன்கிழமை. காலை பத்தரை மணிக்கு என் குழுவின் சாட்டில் நான் போட்ட செய்தி இது:

“எல்லாருக்கும் வணக்கம். நம்ம ரெப்போல ஒரு மாசத்துக்கு மேல ஓப்பன்ல கிடக்கிற பி.ஆர். 19 இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடலாம், ப்ளீஸ். ஆளுக்கு ரெண்டு மூணு எடுத்துக்கிட்டா முடிஞ்சிடும்.”

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரிச் செய்தி புதிதல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை எந்த மேனேஜரும் இதைப் போடுவார். நான் அப்போது சென்னையில் ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். தனியார் பள்ளிகள் கட்டண பில் போடப் பயன்படுத்தும் மென்பொருள் எங்களுடையது. செய்தியைப் போட்ட அரை மணி நேரத்தில் கட்டைவிரல் குறிகள் வந்தன. வெள்ளி மாலைக்குள் 19-ல் 12 முடிந்துவிட்டது. எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது.

திங்கள்கிழமை காலை ஒரு பள்ளியின் கணக்காளர் போன் செய்தார். “சார், ஒரே வீட்டுப் பிள்ளைங்களுக்கு 500 ரூபா சலுகைன்னு போட்டிருக்கோம். பில்லுல 5 ரூபாதான் கழியுது. பேரன்ட்ஸ் வாசல்ல நிக்கிறாங்க.”

அந்த 500 எப்படி 5 ஆனது என்பதைத்தான் எழுத வந்தேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய பிழை அது. அது நேர்ந்ததற்கு முதல் காரணம், என் செய்தியில் இருந்த ‘க்ளியர்’ என்ற ஒரு சொல்.

முதலில் பி.ஆர். என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புல் ரிக்வெஸ்ட் என்பதன் சுருக்கம் அது. ஒரு மென்பொருளின் நிரல் முழுவதும் ஓரிடத்தில் இருக்கும். அதன் அதிகாரப்பூர்வமான பிரதிக்கு எங்களிடம் `main` என்று பெயர். பில் போடும் பள்ளிகளுக்குப் போவது அந்தப் பிரதிதான், அதனால் அதில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. மாற்றம் செய்ய வேண்டியவர் அன்றைய `main`-ஐத் தனக்கென்று ஒரு கிளையாகப் பிரித்துக்கொள்வார். அதில் எழுதுவார். முடித்ததும், “நான் எழுதியதைப் பாருங்கள், சரியாக இருந்தால் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பார். அந்த வேண்டுகோள்தான் புல் ரிக்வெஸ்ட். இழுத்துக்கொள்வது பொறுப்பில் இருப்பவரின் வேலை. எழுதியவர் தானாக உள்ளே தள்ள முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் வேலைக்காக உருவாக்கிய கிட் என்ற கருவியிலிருந்து வந்த வழக்கம் இது. 2008-ல் தொடங்கிய கிட்ஹப் தளம் இதை ஒரு பட்டன் அளவுக்கு எளிதாக்கியது. இன்று உலகத்தில் பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

வேண்டுகோள் வந்ததும் குழுவில் இன்னொருவர் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். அது ரிவ்யூ. கூடவே கணினியும் தன் பங்குக்குச் சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரி என்றால் பக்கத்தின் அடியில் ஒரு பச்சை டிக் விழும். படித்தவர் அப்ரூவ் கொடுப்பார், மாற்றம் `main`-இல் சேரும். சேர்வதற்கு மெர்ஜ் என்று பெயர்.

சின்ன மாற்றமாக இருந்தால் இதெல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். முடியாதவை தேங்கும். வாரம் இரண்டாகும், மாதம் ஒன்றாகும். தாலுகா அலுவலகத்தில் ஒரு கோப்பு மேஜையில் கிடப்பதுபோல அது கிடக்கிறது, எடுத்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. ஆனால் கோப்பு கிடக்கும்போது அதில் எழுதியிருக்கும் நிலம் அப்படியே இருக்கும். பி.ஆர். கிடக்கும்போது அதன் கீழே இருக்கும் நிலம் மாறிக்கொண்டே இருக்கும். பழைய சர்வே எண்ணைப் போட்டுப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம். இடையில் அந்த மனையை இரண்டாக உட்பிரிவு செய்து புது எண் கொடுத்துவிட்டார்கள். பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அது இப்போது எந்த மண்ணைக் குறிக்கிறது?

எங்கள் பிழை கிட்டத்தட்ட அதேதான். பிப்ரவரி 1 அன்று குழுவில் ஒருவர், ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கான சலுகையை எழுதி பி.ஆர். போட்டார். சலுகையைக் கழிக்க ஏற்கெனவே ஒரு பொதுவான செயல்கூறு வேறொரு கோப்பில் இருந்தது. அதை அழைத்து 500 என்று எண்ணைக் கொடுத்தால் போதும்.

```python
if student.has_sibling:
    apply_discount(bill, 500)
```

அவர் எழுதிய அன்று இது முழுக்கச் சரி. `apply_discount` அப்போது ரூபாயில் கணக்குப் பார்த்தது. சோதனை எழுதியிருந்தார், அது ஓடியது, பச்சை டிக் விழுந்தது. ஆனால் அந்த வாரம் எல்லோருக்கும் வேறு வேலை. யாரும் படிக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் வேறொருவர் பணக் கணக்கு முழுவதையும் பைசாவுக்கு மாற்றினார். அதுவும் தேவையான மாற்றம்தான். ரூபாயைத் தசமப் புள்ளியோடு வைத்துக்கொண்டால் கணினி அதைத் துல்லியமாக வைத்திருக்காது. பத்து பைசாவும் இருபது பைசாவும் கூட்டச் சொன்னால் முப்பதுக்கு ஒரு மயிரிழை கூடுதலாக விடை வரும். ஆயிரக்கணக்கான பில்களைக் கூட்டும்போது அந்த மயிரிழைகள் சேர்ந்து கணக்கு இடிக்கும். அதனால் பணத்தைக் கையாளும் நிரல்களில் எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அவர் அன்றைக்கு `main`-இல் `apply_discount`-ஐ அழைத்த எல்லா இடங்களையும் தேடி 500-ஐ 50000 ஆக்கினார். ஒன்றையும் விடவில்லை. சலுகை பி.ஆர். மட்டும் அவர் தேடலில் அகப்படவில்லை. அது `main`-இல் இல்லையே, காத்திருக்கிற கிளையில் அல்லவா இருந்தது.

மார்ச் 6 அன்று என் செய்தியைப் பார்த்துவிட்டு ஒருவர் அந்தச் சலுகை பி.ஆரைத் திறந்தார். அவர் திரையில் என்ன இருந்திருக்கும் என்று பிறகு நானே திறந்து பார்த்தேன். இரண்டு வரி மாற்றம். `500` என்று இருக்கிறது. சலுகை 500 ரூபாய்தான். கீழே `All checks have passed` என்று பச்சையில் ஒரு வரி. அதற்கும் கீழே `This branch has no conflicts with the base branch` என்று இன்னொரு பச்சை வரி. நானாக இருந்தாலும் `LGTM` என்று நான்கு எழுத்து அடித்து அப்ரூவ் செய்திருப்பேன். ‘எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது’ என்பதற்கு எங்கள் வட்டத்துச் சுருக்கெழுத்து அது.

அந்த இரண்டு பச்சை வரிகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை நாம் கேட்க நினைக்கும் கேள்விக்கான பதில்கள் அல்ல, இதுதான் விஷயத்தின் உயிர்.

மோதல் இல்லை என்று கிட் சொல்வதன் பொருள் மிகக் குறுகியது. இரண்டு பேர் ஒரே கோப்பின் ஒரே பகுதியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டுமே அது மோதல் என்று சத்தம் போடும். இங்கே ஒருவர் ஒரு கோப்பில் புது வரி சேர்த்தார், இன்னொருவர் வேறு கோப்பில் அந்த வரியின் அர்த்தத்தையே மாற்றினார். எழுத்தளவில் இரண்டும் உரசவே இல்லை. கிட் எழுத்தைப் பார்க்கும் கருவி, அர்த்தத்தைப் பார்க்காது. சத்தம் போடும் மோதலைக் கண்டு புதியவர்கள் பயப்படுவார்கள். எனக்குப் பயம் சத்தம் போடாததன் மேல்தான்.

சோதனைகள் தேறிவிட்டன என்பதற்கோ ஒரு தேதி உண்டு. எங்கள் ஏற்பாட்டில், ஒருவர் தன் பி.ஆரில் புதிதாக எதையாவது ஏற்றும்போதுதான் சோதனைகள் ஓடும். `main` மாறியது என்பதற்காகக் காத்திருக்கும் பி.ஆர்களின் சோதனைகள் தானாக மறுபடி ஓடுவதில்லை. கிட்ஹப்பில் பலரும் வைத்திருக்கும் சாதாரண ஏற்பாடே அப்படித்தான். அந்த டிக் பிப்ரவரி 1 அன்று விழுந்தது. அப்ரூவ் கொடுத்த அன்று அதற்கு வயது 34 நாள். அந்த மாதம் முழுவதும் நடந்த எந்த மாற்றத்தையும் அது பார்த்ததில்லை. மருத்துவர் கையில் போன மாத ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, எல்லாம் நார்மல் என்று சொல்வது போன்றது.

அந்த பி.ஆரை அன்றைய `main`-ஓடு சேர்த்து ஒரு தடவை சோதனையை ஓட்டியிருந்தால் உடனே சிவப்பு விழுந்திருக்கும். அதற்குத் தேவை இரண்டு கட்டளைகள்:

```
git fetch origin
git rebase origin/main
```

முதலாவது புதிய `main`-ஐக் கொண்டுவருகிறது. இரண்டாவது, நம் மாற்றத்தைப் பழைய அடித்தளத்திலிருந்து எடுத்து இன்றைய அடித்தளத்தின் மேல் வைக்கிறது. அதை மறுபடி தளத்துக்கு ஏற்றினால் சோதனைகள் ஓடும். ஐந்து நிமிட வேலை. 12 பி.ஆர்களில் எத்தனை பேர் இதைச் செய்தார்கள் என்று பின்னால் பார்த்தேன். மோதல் என்று கிட் சத்தம் போட்ட மூன்றுக்கு மட்டும் செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்று நான் சொல்லியிருந்தேனே, எண்ணிக்கையைக் குறைக்கும் அவசரத்தில் பச்சையாக இருப்பதை யார் மறுபடி கிளறுவார்கள்?

திங்கள் மதியம் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டோம். அதற்குள் 212 பில்கள் போயிருந்தன, ஒவ்வொன்றிலும் 495 ரூபாய் கூடுதல். பாதிப் பேர் கட்டியே விட்டார்கள். பள்ளி அலுவலகங்கள் இரண்டு நாள் பெற்றோர்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அப்ரூவ் கொடுத்தவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் பழையதான 19 மாற்றங்களை இரண்டரை நாளில் முடி என்று எழுதியவன் நான். ‘க்ளியர்’ என்ற சொல்லுக்குக் குழுவில் எல்லோரும் எடுத்துக்கொண்ட பொருள் ‘மெர்ஜ்’. மூடிவிடுவதும் ஒரு வழி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

நான்கு மாதத்தில் தேக்கம் மறுபடி வந்தது. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை, தேங்கும் காரணங்கள் ஒன்றையும் நாங்கள் தொடவில்லை. ஆனால் இந்த முறை செய்தியை எழுதுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பட்டியலைப் படித்தேன். கிட்ஹப்பின் தேடல் பெட்டியில் இதை அடித்தால் பட்டியல் வரும்:

```
is:pr is:open draft:false created:<2024-06-10 sort:created-asc
```

`created` என்று கொடுத்தது வேண்டுமென்றேதான். `updated` என்று தேடினால், நேற்று யாராவது “இது என்னாச்சு?” என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட அந்த பி.ஆர். இளசாகத் தெரியும். பழையது எது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

14 இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: பந்து இப்போது யார் கையில்? விடை என்னை உலுக்கியது. ரிவ்யூ செய்பவர்கள் சோம்பலாக இருக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம். பார்த்தால் 14-ல் 6 எழுதியவரின் கையிலேயே இருந்தன. யாரோ படித்து, ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். எழுதியவர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார், கேள்வி வந்ததையே கவனிக்கவில்லை. 5 ரிவ்யூவுக்காகக் காத்திருந்தன. மீதி 3 யார் கையிலும் இல்லை. ரிவ்யூ கேட்ட இடத்தில் குழுவின் பெயரே போடப்பட்டிருந்தது. ஒன்பது பேரிடம் கேட்டால் ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேரில் யாரோ பார்ப்பார்கள் என்று நினைப்பார்கள்.

அந்த மூன்றில் ஒன்று, கல்லூரி முடித்து வந்து சில மாதமே ஆன பெண்ணுடையது. மே 28-ல் திறந்தது, அன்றைக்கு 43 நாள். மொத்தம் 11 வரி. அது எதற்கென்று படித்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. கட்டண ரசீதில் மாணவர் பெயர் நீளமாக இருந்தால் எங்கள் நிரல் இருபதாவது எழுத்தோடு வெட்டிவிடும். ஆங்கிலப் பெயருக்குப் பரவாயில்லை. தமிழில் ‘னி’ என்று நாம் பார்ப்பது ஒரே எழுத்து. கணினிக்கு அது ‘ன’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு துண்டு. வெட்டு நடுவில் விழுந்தால் கொக்கி போய்விடும், ‘னி’ என்று முடிய வேண்டியது ‘ன’ என்று நிற்கும். பிள்ளையின் பெயர் ரசீதில் தப்பாக அச்சாகும். அதைத் திருத்தத்தான் அந்த 11 வரி. 43 நாளாக ரசீதுகள் அப்படியே போய்க்கொண்டிருந்தன.

“ஏன் யாரையும் கேட்கலை?” என்று அவரிடம் தனியாகக் கேட்டேன்.

“யாரைக் கேக்கறதுன்னு தெரியலை சார். ஒரு தடவை குரூப்ல போட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவா நெனைப்பாங்களோன்னு விட்டுட்டேன்.”

அன்று, ஜூலை 10, புதன்கிழமை, நான் போட்ட செய்தி இது:

“நம்ம ரெப்போல ஜூன் 10-க்கு முன்னாடி திறந்த பி.ஆர். 14 இருக்கு. பட்டியல் கீழே. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு பேர் போட்டிருக்கேன், அடுத்த வேலை அவங்களோடது.

இன்னைக்கு யாரும் எதையும் அப்ரூவ் பண்ண வேணாம். எழுதினவங்க மட்டும் அவங்கவங்க பி.ஆரைத் திறந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க: இது எழுதாமயே இருந்திருந்தா, இன்னைக்கு உக்காந்து எழுதுவீங்களா? இல்லைன்னா மூடிடுங்க. காரணம் ஒரு வரி போதும். மூடறது தப்பு இல்லை, அதுவும் முடிச்ச கணக்குதான்.

எழுதுவேன்னா, நாளைக்கு மதியத்துக்குள்ள இன்னைய `main`-ஓட சேர்த்து டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்க. பழைய டிக்கை நம்ப வேணாம்.

நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் 2 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் மீட்டிங் கிடையாது, ரிவ்யூ மட்டும். முடியாதது அடுத்த வாரம் போகட்டும்.”

முதல் செய்தியைவிட இது நீளம். மேனேஜர்கள் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். படித்தார்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தது.

புதன் மாலைக்குள் ஐந்து மூடப்பட்டன. இரண்டில் சொன்ன காரணம், அந்த வசதியை வேறு வழியில் ஏற்கெனவே செய்துவிட்டோம் என்பது. ஒன்றைக் கேட்ட பள்ளியே இப்போது எங்களிடம் இல்லை. மூடினால் உழைப்பு வீண் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. மூடிய பி.ஆர். அழிந்து போவதில்லை, எழுதியதும் பேசியதும் அங்கேயே இருக்கும், கிளையை வைத்திருந்தால் மறுபடி திறக்கவும் முடியும். குழுவில் மூத்தவர் தன்னுடைய 700 வரி பி.ஆரைத் தானே மூடினார். “நான் எழுதின பிறகு அந்த ஸ்க்ரீனே மாறிடுச்சு” என்று ஒரு வரி. அவர் அதைச் செய்ததால்தான் சின்னவர்களுக்கும் மூடத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

மீதி ஒன்பதை அன்றைய `main` மேல் எடுத்து வைத்தார்கள். நான்கில் ஒரு சிக்கலும் இல்லை. மூன்றில் கிட் மோதல் என்றது, உட்கார்ந்து தீர்த்தார்கள். இரண்டில் கிட் வாயே திறக்கவில்லை, ஆனால் சோதனை ஓடியதும் சிவப்பு விழுந்தது. அந்த இரண்டுக்கும் புதன்கிழமை காலை வரை பச்சை டிக் இருந்தது. மார்ச் மாதச் செய்தியை நான் மறுபடி போட்டிருந்தால் இரண்டும் `LGTM` வாங்கி பள்ளிகளுக்குப் போயிருக்கும்.

சிவப்பு விழாததெல்லாம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. சோதனை எதைச் சரிபார்க்க எழுதப்பட்டதோ அதை மட்டும்தான் சரிபார்க்கும். சில சோதனைகளில் உண்மையான `apply_discount`-ஐ அழைக்காமல் அதன் இடத்தில் ஒரு பொம்மையை வைத்து, ‘500 என்று கேட்டாயா, சரி’ என்று முடித்துக்கொள்வார்கள். அப்படி எழுதியிருந்தால் எங்கள் சலுகைப் பிழை எத்தனை முறை ஓட்டினாலும் பச்சையாகவே இருந்திருக்கும். அதனால் பழைய பி.ஆரைப் படிப்பவர், மாறிய வரிகளை மட்டும் பார்க்காமல், அவை அழைக்கும் செயல்கூறுகள் இந்த ஒரு மாதத்தில் மாறினவா என்றும் பார்க்க வேண்டும். `git log` கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கடைசியாக எப்போது, யார் தொட்டார்கள் என்று காட்டிவிடும். புதிய பி.ஆருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. பழையதாகும்போது ரிவ்யூவின் விலை ஏறுகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

தேக்கம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. வரிசைகள் பற்றிய சின்ன விதி அது: வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை, ஒரு நாளில் எத்தனை பேர் முடித்துப் போகிறார்கள் என்பதால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார் என்பது கிடைக்கும். நாங்கள் வாரத்துக்குப் பத்து பி.ஆர். முடிப்போம். திறந்தபடி முப்பது இருந்தால் காத்திருப்பு சராசரியாக மூன்று வாரம். முடிக்கும் வேகம் அப்படியே இருந்தால், அந்த முப்பது குறையாமல் மூன்று வாரம் குறையாது. இதைப் பார்த்த பிறகுதான், ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு பி.ஆர். மட்டுமே திறந்திருக்கலாம் என்று வைத்தோம். மூன்றாவதைத் திறக்க வேண்டுமென்றால், முதலில் மற்றவருடையது ஒன்றைப் படிக்க வேண்டும், அல்லது தன்னுடையது ஒன்றை முடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அளவும் முக்கியம். கூகுள் தன் பொறியாளர்களுக்கு எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் வழிகாட்டியில், ஒரு மாற்றத்துக்கு 100 வரி பொதுவாக நியாயமான அளவு, 1,000 வரி பொதுவாக மிகப் பெரிது என்று இருக்கிறது. ரிவ்யூ கேட்டால் அதிகபட்சம் ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. 1,600 வரி பி.ஆரைத் திறந்தவர் என்ன செய்வார் என்று நானே அனுபவித்திருக்கிறேன்: மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று மூடுவார். அந்த நிதானம் வாரக்கணக்கில் வராது. 14-ல் மிகப் பெரியது சரியாக அந்த 1,600 வரிதான். அதைப் படிக்கச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை, எழுதியவரிடம் ஐந்தாகப் பிரிக்கச் சொன்னேன். பிரிக்கும்போதே தனக்கு இரண்டு பிழை தெரிந்தது என்றார்.

இன்னொன்றையும் செய்தோம். இன்றைய `main`-ஓடு சேராத எதையும் மெர்ஜ் செய்ய விடாதே என்று கிட்ஹப்பில் ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட்டோம். இது இருந்திருந்தால் மார்ச் மாதம் 34 நாள் பழைய டிக் செல்லாது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு பி.ஆர். உள்ளே போன அந்த நொடியில் மற்ற எல்லாம் பழையதாகிவிடும், ஒவ்வொன்றும் மறுபடி சேர்ந்து, மறுபடி சோதனை ஓடி வர வேண்டும். எங்கள் சோதனைக்கு இருபது நிமிடம். ஒரே மதியத்தில் ஆறு பேர் மெர்ஜ் செய்யப் பார்த்தால் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஆறு பேருமே காத்திருப்பார்கள். பெரிய குழுக்கள் இதற்காகவே மெர்ஜ் க்யூ என்று ஒரு வரிசை முறையை வைத்துக்கொள்கின்றன. கிட்ஹப் அதை 2023-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு மணிக்கு உட்காரும்போது யார் முதலில், யார் அடுத்தது என்று வாயால் சொல்லிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஆறு உள்ளே போயிருந்தன. மூன்று அடுத்த வாரத்துக்குப் போயின.

ரசீதுப் பெயரைத் திருத்தும் அந்த 11 வரிதான் வியாழக்கிழமை முதலில் போனது. மூத்தவர் அதை எடுத்துப் படித்தார், ‘ஸ்ரீ’ நடுவில் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டார், அந்தப் பெண் அதற்கும் ஒரு சோதனை எழுதிச் சேர்த்தார். இரண்டு ஐம்பதுக்கு மெர்ஜ். மறுநாள் அவர் இன்னொரு சின்ன பி.ஆர். திறந்தார். ரிவ்யூ கேட்கும் இடத்தில் இந்த முறை குழுவின் பெயரைப் போடவில்லை. மூத்தவர் பெயரைப் போட்டிருந்தார்.